நுரையீரல் தமனி அடைத்தால் ஆக்சிஜன் ஏன் குறைகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பாடத்துக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 40 வயதுப் பெண். காலில் மாவுக்கட்டு போட்டு மூன்று வாரமாகப் படுத்தே இருக்கிறார். இன்று காலை திடீரென்று மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 92 சதவீதம் காட்டுகிறது. கால் சிரையில் உறைந்த ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரல் தமனியை அடைத்துவிட்டது. இதுதான் பல்மனரி எம்பாலிசம்.

படி 1: அடைப்புக்கு முந்தைய கணக்கு

ஒரு மூச்சில் சுமார் 500 மி.லி. காற்றை இழுக்கிறோம். அதில் 150 மி.லி. மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். மிச்சம் 350 மி.லி.தான் காற்றறைகளுக்குப் போகும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் ஏறக்குறைய 4 லிட்டர். அதே நிமிடத்தில் நுரையீரல் வழியாக 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இரண்டு பக்கமும் சமமாகப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கமும் 2 லிட்டர் காற்று, 2.5 லிட்டர் ரத்தம். விகிதம் 0.8.

படி 2: வலது தமனியை அடையுங்கள்

வலப்பக்கம் 2 லிட்டர் காற்று வழக்கம்போல வந்து போகிறது, ஆனால் அதைத் தொட ரத்தம் இல்லை. போன காற்று போனபடியே திரும்புகிறது. இப்படி வீணாகும் இடம்தான் டெட் ஸ்பேஸ்.

மாணவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. டெட் ஸ்பேஸ் நேரடியாக ரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. அந்தப் பகுதி வழியாக ரத்தமே போகவில்லை என்றால், அங்கிருந்து ஆக்சிஜன் குறைந்த ரத்தம் எப்படி வரும்?

படி 3: திருப்பிவிடப்பட்ட ரத்தத்தைத் தேடுங்கள்

வலப்பக்கம் போக வேண்டிய ரத்தமும் இடப்பக்கமே பாய்கிறது. இப்போது அங்கே 5 லிட்டர் ரத்தம், காற்றோ அதே 2 லிட்டர். விகிதம் 0.4. ஆக்சிஜன் குறைவது இங்கேதான், அடைபடாத நுரையீரலில்.

சரி, வேகமாக மூச்சு விட்டால் சரியாகிவிடாதா? ஓரளவு சரியாகும். அதனால்தான் சில நோயாளிகளுக்கு ஆக்சிஜன் அளவு இயல்பாகவே இருக்கும். ஆனால் திருப்பிவிடப்பட்ட ரத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போவதில்லை. சில காற்றறைகளில் காற்று அதிகம், சிலவற்றில் ரத்தம் அதிகம். காற்று அதிகமுள்ள அறைகள் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக வெளியேற்றி, மற்ற அறைகளின் குறையை ஈடுகட்டிவிடும். ஆக்சிஜனில் அது நடக்காது. அந்த அறைகளைத் தாண்டும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்?

படி 4: எண்களில் பாருங்கள்

நம் நோயாளியின் தமனி ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் 62 மி.மீ. பாதரசம், கார்பன் டை ஆக்சைடு 30. வேகமாக மூச்சு விடுவதால் பின்னது வழக்கமான 40-ஐவிடக் குறைவு. காற்றறையில் உள்ள ஆக்சிஜன் அழுத்தம் PAO2, தமனி ரத்தத்தில் உள்ளது PaO2. கீழே 0.21 காற்றில் ஆக்சிஜனின் பங்கு, 760 காற்றழுத்தம், 47 நீராவியின் அழுத்தம். இங்கே வரும் 0.8 படி 1-இன் விகிதம் அல்ல; உடல் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம். கடல் மட்டத்தில், வெறும் காற்றைச் சுவாசிக்கும்போது:

```
PAO2 = 0.21 × (760 − 47) − 30/0.8
     = 150 − 37.5 ≈ 112
PAO2 − PaO2 = 112 − 62 = 50
```

காற்றறையில் 112 இருந்தும் ரத்தத்தில் 62தான். இடைவெளி 50. வயதை நாலால் வகுத்து 4 கூட்டினால் இயல்பான அளவு தோராயமாகக் கிடைக்கும்: இவருக்கு 14. ஆக்சிஜன் அழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வேகமான மூச்சு அதைத் தூக்கிக் காட்டும், இந்த இடைவெளி காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் டெட் ஸ்பேஸ். மூச்சு முடியும் தருணத்தில் வெளிவரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறோம். ரத்தத்தில் 30, காற்றில் 20. வீணான அறைகளின் காற்றில் அது இல்லாததால் கலவை நீர்த்துப்போகிறது.

```
(30 − 20) / 30 = 0.33
```

காற்றறைகளுக்குப் போகும் காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீண். ரத்தத்துக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் இவருக்கு 10; இயல்பாக அது 2 முதல் 5 வரைதான்.

எங்கே தவறும்?

நிமோனியாவிலும் முதல் இடைவெளி கூடும். நாள்பட்ட நுரையீரல் நோயில் இரண்டுமே கூடும். சிறிய கட்டி என்றால் இரண்டும் இயல்பாக இருக்கலாம். ஆகவே இந்தக் கணக்கு சந்தேகத்தை வலுப்படுத்தும், நோயை உறுதிசெய்யாது. உறுதிசெய்வது சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். சந்தேகம் பலமாக இருந்து, ரத்தக்கசிவு அபாயமும் இல்லையென்றால், ஸ்கேன் வரும்வரை காத்திராமல் மருத்துவர்கள் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.