பதிலுக்குள் வரும் கேள்வி: பேச்சுத் தேர்வில் எங்கே சறுக்குகிறோம்?

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்குப் படிக்கும் நம்மவர்கள் பலர், "கேள்வி கேட்பது தேர்வாளர்தானே" என்று கேள்வி வாக்கியங்களைப் பழகுவதே இல்லை. ஆனால் 11 முதல் 14 நிமிடம் வரை நீளும் அந்தப் பேச்சில், நாம் சொல்லும் பதிலுக்குள்ளேயே கேள்விகள் வந்துவிடும்.

சென்ற வாரம் புதிதாக வந்த தங்கை ஒருத்தி என்னுடன் மூன்றாம் பகுதியைப் பழகினாள். "இளைஞர்கள் கிராமத்தை விட்டு ஏன் போகிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "ஐ டோன்ட் நோ ஒய் டூ தே லீவ்" என்று தொடங்கி, தடங்கலில்லாமல் அழகாகப் பேசினாள். அந்த 'டூ' மட்டும் மூன்று முறை வந்தது. "ஒய் தே லீவ்" என்றிருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் நம் தமிழ்தான். "ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியைத் துளியும் மாற்றாமல், பின்னால் "என்று தெரியுமா?" சேர்த்தால் நமக்கு வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்ட முடியாது. "வேர் இஸ் த ஸ்டேஷன்?" என்பது "டூ யூ நோ" என்பதற்குப் பின்னால் வந்ததும் "வேர் த ஸ்டேஷன் இஸ்" என்று ஆகிறது. முன்னால் கேள்வித் தொடக்கம் வந்துவிட்டதால், உள்ளே இருப்பது சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்புகிறது.

'டிட்' வரும் இடம் இன்னும் வழுக்கும். "ஒய் டிட் ஹி லீவ்?" என்பதில் இறந்தகாலத்தைச் சுமப்பது 'டிட்'. அதை எடுத்துவிட்டால் அந்தச் சுமை வினைச்சொல்லுக்கு வரும்: "ஐ டோன்ட் நோ ஒய் ஹி லெஃப்ட்." 'டிட்'டை நீக்கிவிட்டு 'லீவ்' என்றே நிறுத்துவதும் பிழைதான். "பஸ் போய்விட்டதா?" என்பதுபோல 'ஆ'வில் முடியும் கேள்விக்கு 'இஃப்' வேண்டும்: "டூ யூ நோ இஃப் த பஸ் ஹேஸ் லெஃப்ட்?"

வாக்கியத்தின் வாலில் சேர்க்கும் கேள்வியிலும் இதே கதை. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்லையா' போதும். அதனால் எதைச் சொன்னாலும் 'இஸன்ட் இட்' என்று முடிக்கிறோம். "ஷி வென்ட் ஹோம்" என்றால் "டிடின்ட் ஷி?" "யூ கேன் டிரைவ்" என்றால் "கான்ட் யூ?" வாக்கியத்தின் துணைவினையும், ஆளைக் குறிக்கும் 'ஷி', 'யூ' போன்ற சொல்லும் வாலிலும் வர வேண்டும், துணைவினை இல்லையென்றால் டூ, டஸ், டிட் ஆகியவற்றில் பொருந்துவது வரும். முன்பகுதி உடன்பாடு என்றால் வால் எதிர்மறை, முன்பகுதி எதிர்மறை என்றால் வால் உடன்பாடு.

இதற்குப் பதில் சொல்வதைத் தனியாகப் பழகுங்கள். "யூ ஹேவன்ட் ஈட்டன், ஹேவ் யூ?" என்று கேட்டால், சாப்பிடாத நாம் "ஆமாம், சாப்பிடவில்லை" என்ற பழக்கத்தில் "யெஸ்" என்கிறோம். கேட்டவருக்கு அது சாப்பிட்டாயிற்று என்றே கேட்கும். அங்கே சொல்ல வேண்டியது "நோ, ஐ ஹேவன்ட்."