தாத்தா பெயரை வைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

தாத்தா உயிரோடு இருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயரை வைத்தால் ஆயுசு குறையும் என்று யாராவது சொன்னால், அது யார் வீட்டு வழக்கம் என்று கேளுங்கள். ஒரு வீட்டு வழக்கத்தை ஊருக்கே பொதுவான சாஸ்திரமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நகரத்தார் வீடுகளில் மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. யூதர்களைப் பாருங்கள், ஒரே மதம்தான். அஷ்கெனாசி பிரிவினர் உயிரோடிருப்பவர் பெயரை வைக்க மாட்டார்கள். மரண தேவதை ஆள் மாறிக் குழந்தையைக் கொண்டுபோய்விடும் என்ற பயம். செபார்டி பிரிவினருக்கோ உயிரோடிருக்கும்போதே பெயரை வைப்பதுதான் தாத்தாவுக்குச் செய்யும் மரியாதை.

நம் பக்கம் உண்மையான தடங்கல் ஆயுசு அல்ல, வாய்தான். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அப்புறம் "டேய் ராமசாமி, புத்தகத்தை எடுடா" என்று அவள் எப்படிக் கத்துவாள்? அதனால்தான் கூப்பிட வேறு பெயர் வந்தது. பிராமண வீடுகளில் பதினோராம் நாள், சடங்குகளில் சொல்லும் சர்மா பெயராகத் தாத்தா பெயரை வைத்துவிட்டு, அழைக்க இன்னொன்று வைப்பார்கள். மற்ற வீடுகளில் ராஜா, ஐயா என்று ஏதோ ஒன்று. இதை அன்றைக்கே பேசி முடிக்காவிட்டால், வாய்க்கு வந்த செல்லப்பெயரே நிலைத்துவிடும். தாத்தா பெயர் காகிதத்தோடு நின்றுவிடும்.

மறைந்தவர் பெயர் என்றால் தடையே இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. "அவரே வந்து பிறந்திருக்கிறார்" என்று கொண்டாடும் அதே குடும்பம், அகாலமாகப் போனவர் பெயர் என்றால் தயங்கும். அவர் விதியும் கூடவே வரும் என்ற அச்சம். பாட்டி இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். கணவர் பெயரைச் சொல்லியே பழகாதவர், பேரனை எப்படி அழைப்பார்?

யாரும் யோசிக்காத சிக்கல் இனிஷியலில் இருக்கிறது. சுப்பிரமணியனின் மகன் சு. ராமசாமி. அவர் தன் அப்பா பெயரை மகனுக்கு வைக்கிறார்: ரா. சுப்பிரமணியன். அந்த மகனும் அப்படியே செய்தால், பேரனும் சு. ராமசாமி! பிறகு பட்டாவில் இருப்பது தாத்தாவா பேரனா என்று தாசில்தார் அலுவலகத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழிலேயே இன்னொரு பெயரையும் சேர்த்து "ராமசாமி கார்த்திக்" என்பதுபோல் பதிவது நல்லது. பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை கட்டணம் உண்டு. அந்த 12 மாதத்துக்குள் வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.