நோட்டீஸில் இருக்கும் 1.5 ஜிபி, 28 நாள், ரோமிங்: குமரி மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியாவிலிருந்து வந்து களியக்காவிளையில் தங்கியிருக்கும் ஒரு அக்கா, ரீசார்ஜ் கடையில் கொடுத்த நோட்டீஸைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். "தம்பி, தினமும் 1.5 ஜிபின்னு போட்டிருக்கு. நேத்து சாயந்திரத்துலேர்ந்து நெட்டே இல்ல. தீர்ந்துபோச்சா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தினமும் 1.5 ஜிபி, 28 நாள். பெருக்கினால் 42 ஜிபி வரும். ஆனால் அதை நம் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. அன்றன்றைக்கு உள்ளது நள்ளிரவோடு போய்விடும், மிச்சம் மறுநாளுக்குச் சேராது. 1.5 ஜிபி தீர்ந்தாலும் இணைப்பு அறுந்துபோவதில்லை. வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும் மெதுவாகப் போகும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு எழுத்தும் போகவில்லை. அப்படியென்றால் டேட்டா தீரவில்லை, சிக்கல் வேறு.

28 நாள் என்பதையும் மாதம் என்று எண்ண வேண்டாம். மார்ச் 5 அன்று போட்டால் அன்றைக்கே முதல் நாள். ஏப்ரல் 1 கடைசி. இப்படியே போட்டுவந்தால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ் ஆகும். கம்பெனி ஆப்பில் முடிவு தேதியைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

சரி, அக்காவின் நெட் எங்கே போனது? திரையின் மேலே பார்க்கச் சொன்னேன். சிக்னல் பக்கத்தில் "R" என்ற எழுத்து இருந்தது. களியக்காவிளை எல்லையூர். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலே போன் சில நேரம் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டு சிம்முக்கு அது ரோமிங். அக்கா விமானத்திலிருந்து இறங்கியதுமே பில்லுக்குப் பயந்து டேட்டா ரோமிங்கை அணைத்துவைத்திருந்தார். மலேசிய சிம்முக்கு அது சரிதான். ஆனால் இந்திய சிம்முக்கும் சேர்த்து அணைத்துவிட்டார்.

இரண்டு சிம் போனில் இந்த சுவிட்ச் சிம்முக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். செட்டிங்ஸில் இந்திய சிம்மைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் ஆன் செய்யச் சொன்னேன். மொபைல் டேட்டாவும் அந்த சிம்மில்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் நெட் வந்துவிட்டது.

இந்த வகை பிளான்களில் பாறசாலை, திருவனந்தபுரம் என்று போனாலும் அதே 1.5 ஜிபிதான் செலவாகும், தனிக் காசு இல்லை. நோட்டீஸில் 'அன்லிமிடெட் கால், ரோமிங் உட்பட' என்று இருப்பது இந்தியாவுக்குள் மட்டும். கோலாலம்பூருக்கு அம்மாவைக் கூப்பிட்டால் அதில் சேராது. ஐஎஸ்டி கட்டணம் தனி, மெயின் பேலன்ஸிலிருந்து போகும். வாட்ஸ்அப் காலில் பேசினால் டேட்டாவோடு முடிந்துவிடும். இதே சிம்மை மலேசியாவுக்கு எடுத்துப்போவதென்றால் சர்வதேச ரோமிங் பேக் தனியாகப் போட வேண்டும்.

அக்கா அனுப்பிய படத்தில் நட்சத்திரக் குறிக்கான பொடி எழுத்து வரி விரலுக்கடியில் மறைந்துபோயிருந்தது. நீங்கள் யாருக்காவது நோட்டீஸ் அனுப்பினால் அந்த அடிவரியும் பின்பக்கமும் தெரிகிற மாதிரி எடுங்கள். வேகம் எவ்வளவுக்கு இறங்கும், எது சேராது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.