கேட்காமலே ஒரு சாம்பிள்: திருப்பூர் கம்பெனிக்கு பிரிண்ட் டிசைன் அனுப்புவது எப்படி?

குழந்தைகள் உடை தைக்கும் திருப்பூர் கம்பெனிக்கு பிரிண்ட் டிசைன் வரைந்து தர விரும்புகிறீர்கள், ஆனால் அங்கே அறிமுகம் யாரும் இல்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே ஒரு சாம்பிள் அனுப்பிவிடுங்கள். "திருடிவிட்டால்?" என்ற பயம் நியாயமானதுதான். அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரே ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் இப்போது விற்கும் உடைகளைப் பாருங்கள். எல்லாம் கரடியும் காருமாக இருக்கிறதா? காங்கேயம் கன்றை வரையுங்கள். அது பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத் தாய்ப்பசு, மடியருகே செங்கன்று. மொத்தம் இரண்டே நிறம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும் என்பதால், செலவு குறைவு என்று கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அடுத்து, சட்டையில் அந்த டிசைன் பொருந்தியிருப்பது போன்ற ஒரு ஜேபெக் படம் தயார் செய்யுங்கள். நீளப் பக்கம் 1,000 பிக்சல் போதும். லேயர்களோடு திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைலையும், நிறம் நிறமாகப் பிரித்த கலர் செபரேஷனையும் அனுப்பாதீர்கள். அவை இல்லாமல் நேரடியாக ஸ்கிரீன் போட முடியாது. கைதேர்ந்த ஒருவர் படத்தைப் பார்த்து மறுபடி வரைந்துகொள்ளலாம் என்பதும் உண்மை.

இனி அந்தப் பயத்தை எடை போடுங்கள். கன்றை அச்சிடலாம் என்ற யோசனைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் வரைந்த கோட்டுக்குத்தான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் காவல். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, உங்கள் அனுமதியோடு 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் அச்சாகிவிட்டால், அந்த உரிமை போய்விடும். திருப்பூரில் ஒரு ஆர்டரே ஆயிரக்கணக்கான பீஸ் அல்லவா! பதிவதென்றால், டிசைன் வெளியுலகுக்குத் தெரிவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

ஒற்றைக் கன்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. அது போனால் ஒரு நாள் வேலை போகும், கை உங்களிடமே இருக்கும். ஆனால் தாயும் கன்றும், காளை, பட்டி என்று ஒரு வரிசையே மனதில் இருந்தால் தாயும் கன்றும் உள்ள டிசைனை மட்டும் காட்டுங்கள். மற்றவற்றைப் பற்றி மூச்சு விடாதீர்கள். பார்த்த மாத்திரத்தில் முழு யோசனையும் கைமாறிவிடும் ஒற்றை வரி வாசகம் போன்றவற்றை அனுப்பவே கூடாது.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும்:

"வணக்கம் சார். உங்கள் குழந்தைகள் உடை வரிசைக்காக இரண்டு நிறத்தில் ஒரு டிசைன் வரைந்திருக்கிறேன். படம் இணைப்பில். பிடித்திருந்தால் விலையும் மற்ற டிசைன்களும் பேசலாம்."

ரகசிய ஒப்பந்தம் கேட்காதீர்கள். முகம் தெரியாதவருக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அனுப்பிய மெயிலையும் லேயர்களோடு உள்ள மூல ஃபைலையும் பத்திரப்படுத்துங்கள். நாளை தகராறு வந்தால் எந்தத் தேதியில் யார் வரைந்தது என்று காட்ட உதவும்.

ஒரு வாரம் கழித்து ஒரு போன் செய்யலாம். "ஓப்பன் ஃபைலை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வந்தால் உஷாராகிவிடுங்கள். பிடித்திருக்கிறதா என்று சொல்ல அந்தப் படமே போதும். ஓப்பன் ஃபைல் தயாரிப்புக்குத்தான் தேவை. விலையைச் சொல்லுங்கள், முன்பணம் வந்ததும் ஃபைலை அனுப்புங்கள்.