மண்டபக் குறிப்பில் "800 பேர்" என்று எழுதுமுன்

கோத்தகிரிப் பக்கம் அண்மையில் திறந்த கல்யாண மண்டபங்கள் சில, தங்கள் படத்தின் கீழ் போடும் குறிப்பைப் பார்க்கும்போது, பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டபத்துக்கு நான் எழுதியதையே மீண்டும் படிப்பதுபோல் இருக்கிறது. எழுத்துப்பிழை, பழைய கைபேசி எண் போன்றவற்றை யாரும் திருத்திவிடுவார்கள். அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை.

கொள்ளளவு

"800 பேர் கொள்ளும்" என்று நான் அன்று எழுதியது பொய்யன்று, கூட்டல். கூடத்தில் 450 நாற்காலிகள், மாடியில் 120, முன்முற்றத்தில் 130, உணவுக்கூடத்தில் 100. ஆனால் ஒரே ஆள் தாலி கட்டும்போது கூடத்திலும், பிறகு பந்தியிலும் அமர்கிறார் என்பதும், முற்றத்துக்கு மேல் வானம்தான் கூரை என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதை நம்பி, ஐப்பசி முகூர்த்தம் ஒன்றுக்குப் பெண்வீட்டார் 600 பேரை அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேன்களில் ஏறி வந்தவர்கள். மூடுபனி இறங்குமுன் மேட்டுப்பாளையம் சேர வேண்டும் என்பதால், பகல் ஒரு மணிக்குள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்ப நினைத்தார்கள். இலை போட்டு, பரிமாறி, உண்டு முடித்து, இலை எடுத்து, மேசை துடைத்து அடுத்தவர்களை உட்கார வைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம் ஆகும். 100 பேர் வீதம் 600 பேருக்கு ஆறு பந்தி, அதாவது நான்கு மணி நேரம். 11 மணிக்கு முதல் இலை போட்டோம். கடைசி இலை எடுத்தபோது மணி மூன்று.

சமவெளியில் என்றால் காத்திருப்பவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று மழை. உண்பவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்காரர் நின்றார். அவருடைய மடக்கிய குடையிலிருந்து சொட்டிய நீர் உண்பவரின் வேட்டியில் விழுந்தது. வெளியே ஓட்டுநர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள். பெண்ணின் தாய்மாமன் என்னிடம் வந்து, "ஏனுங்க, எண்ணூறு பேருன்னு போட்டிருக்கீங்களே, அதுல நூறு பேருக்குத்தான் சோறுங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றும் யாராவது ஒற்றை எண்ணில் கொள்ளளவு எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இப்போது எங்கள் குறிப்பில் இப்படி இருக்கிறது: "கூடத்தில் நாற்காலிகள் 450, மாடியில் 120. பந்தி ஒன்றுக்கு 100 பேர். திறந்த முற்றம் கணக்கில் சேராது." இந்தப் பந்தி எண்ணைக் கட்டட வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். மேசைகளை நெருக்கிப் போட்டால் எங்களுக்கும் 130 வரும். ஆனால் சாம்பார் வாளியோடு பரிமாறுபவர் இரண்டு வரிசைகளுக்கு நடுவே நுழைய முடியாது. உண்மையான ஒரு கல்யாணத்தன்று நின்று இலைகளை எண்ணி எழுதுங்கள். பந்தி எண்ணைப் பார்க்கும் குடும்பத்தார், உள்ளூர் உறவினரை முந்தைய இரவு வரவேற்பு விருந்துக்கு அழைத்துவிட்டு, மறுநாள் மலையேறி வருபவர்களுக்குப் பந்தியை ஒதுக்கிக்கொள்கிறார்கள்.

வாகன நிறுத்தம்

"விசாலமான பார்க்கிங்" என்று எழுதாதீர்கள். கார் எத்தனை, வேன் எத்தனை, பேருந்து எந்த இடத்தில் திரும்பும் என்று எழுதுங்கள். வெளிமாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அதை மறந்து சோதனைச்சாவடியில் நிற்பது பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டு வேன்தான்.

சமையல்

"கேட்டரிங் வசதி உண்டு" என்ற வரியை மூன்று குடும்பங்கள் மூன்று விதமாகப் புரிந்துகொள்ளும். சமையல்காரரும் மண்டபத்தைச் சேர்ந்தவரா, வெளி ஆளை அழைத்து வரலாமா, பாத்திரமும் எரிவாயு உருளையும் யார் பொறுப்பு என்பதைப் பிரித்து எழுத வேண்டும். வெளி ஆளை அனுமதித்தால் இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த அண்டாவில் பருப்பு வேகக் கூடுதல் நேரமும், அதற்கேற்ப எரிவாயுவும் ஆகும். சமவெளி மாஸ்டர்கள் இதை நம்புவதில்லை, முதல் பருப்பு வேகாத வரை. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால், பந்தியில் டம்ளர்தான் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

முன்பணம்

"ஒரு நாள் வாடகை" என்றால் எந்த மணி முதல் எந்த மணி வரை என்று எழுதுங்கள். எங்களுடையது முந்தைய நாள் பிற்பகல் 3 முதல் முகூர்த்த நாள் பிற்பகல் 3 வரை. 18 சதவீத ஜிஎஸ்டி வாடகைக்குள் அடக்கமா, தனியா என்பதும், தேதி மாற்றினால் முன்பணம் புதிய தேதிக்கு நகருமா என்பதும், ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்பதும் ரசீதில் உள்ள அதே சொற்களில் குறிப்பிலும் இருக்க வேண்டும்.