பையரின் கேள்விப் பட்டியலுக்கு ஒரே மெயிலில் பதில்: புது மெர்ச்சன்டைசர்கள் விடும் தவறுகள்

திருப்பூரில் மெர்ச்சன்டைசிங் வேலைக்கு, அதாவது ஆடை வாங்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பிரச்சினை இல்லை, கம்ப்யூட்டரும் பிரச்சினை இல்லை. பையரிடம் இருந்து பதினான்கு கேள்விகளோடு ஒரு மெயில் வந்தால் அதற்கு ஒழுங்காகப் பதில் போடுவதில்தான் சறுக்குகிறார்கள், அதுவும் ஒவ்வொரு செட்டும் அதே இடத்தில். எழுத்துப் பிழை, அட்டாச்மென்ட் மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்.

பையர் போட்ட நம்பரை மாற்றுவது

மாற்றாதீர்கள். அவருடைய 9 உங்கள் மெயிலிலும் 9-ஆகவே இருக்கட்டும்.

ஒரு நம்பருக்குள் மூன்று கேள்வி இருப்பதைக் கவனிக்காமல் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் நடந்தது. ஜெர்மனி பையர், ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, மூன்று கலர், ஐந்து சைஸ். ஆர்டர் உறுதியாகும் முன் வந்த மெயிலில் ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: பார்கோடு ஸ்டிக்கர் விலையில் அடக்கமா, அதை யார் பிரிண்ட் செய்வது, பார்கோடுக்கான இஏஎன் நம்பர்கள் எங்களிடம் இருந்து உங்களுக்கு எந்தத் தேதிக்குள் வேண்டும்? அங்கிருந்த பையன் 7 என்று போட்டு, "ஆமாம், விலையில் அடக்கம்" என்று எழுதி அனுப்பிவிட்டான். ஒன்றில் இருந்து பதினான்கு வரை வரிசையாக நம்பர் இருந்ததால் மெயிலைப் பார்த்த சீனியருக்கும் எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றவில்லை.

அப்புறம் என்ன, இஏஎன் நம்பர் தேவைப்படும்போது இவர்கள் கேட்பார்கள் என்று பையர் இருந்துவிட்டார், அவரே அனுப்புவார் என்று இவர்கள் இருந்துவிட்டார்கள். ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு சைஸுக்கும் தனி நம்பர், ஆக மொத்தம் பதினைந்து இஏஎன் வேண்டும். அயர்னிங் முடிந்து பீஸ் எல்லாம் பேக்கிங் டேபிளுக்கு வந்தபோதுதான் ஸ்டிக்கர் இல்லை என்று தெரிந்தது. பையரிடம் கேட்டு, அவர் தன் ஐடி ஆட்களிடம் வாங்கி அனுப்பி, இங்கே பிரிண்ட் ஆகி வருவதற்குள் தூத்துக்குடியில் பிடிக்க வேண்டிய கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பச் சொன்னார் பையர். எஃப்ஓபி ஆர்டரில் கப்பல் வாடகை பையருடையது, ஆனால் தாமதம் நம்மால் என்று ஆகிவிட்டால் ஏர் ஃப்ரெய்ட் நம் தலையில்தான். அந்த ஆர்டரில் கிடைக்க வேண்டிய லாபம் அதிலேயே போனது.

தப்பு பையருடையது என்று கம்பெனியில் வாதாடிப் பார்த்தார்கள். அவர் பழைய மெயிலைத் திறந்து ஏழாவது கேள்வியின் கடைசிப் பாதியை மட்டும் மஞ்சளில் அடித்து அனுப்பினார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது.

நம்பரே போடாத மெயிலாக இருந்தால் சீனியர் ஒவ்வொரு வரியாகப் படித்திருப்பார். நம்பர் இருந்ததால் நம்பரை மட்டும் எண்ணிவிட்டார். நம்பர் போடச் சொல்லிக் கொடுக்கிற எவரும் இந்த ஆபத்தையும் சேர்த்துச் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பதில் யோசிக்கும் முன்பே பையரின் கேள்விகளை அப்படியே காப்பி எடுத்து டிராஃப்டில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் படித்து, தனியாகப் பதில் தேவைப்படும் இடத்தில் எல்லாம் என்டர் தட்டி உடையுங்கள். ஏழு என்பது 7a, 7b, 7c ஆகும். அடுத்தது 8 ஆகவே இருக்கும். மேலே சொன்ன கேள்விக்கு 7a-வில் விலையில் அடக்கம் என்றும், 7b-யில் பிரிண்ட் நாங்களே செய்கிறோம் என்றும் எழுதுங்கள். 7c-யில் கலர், சைஸ் வாரியாக எக்ஸெல் ஃபைல் மார்ச் 20-க்குள் வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் எத்தனை நாள் தள்ளுகிறதோ அத்தனை நாள் சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் எக்ஸ்-ஃபேக்டரி தேதியும் தள்ளும் என்று எழுதுங்கள். இந்தக் கடைசி வரியைப் பலர் பயந்துகொண்டு எழுதுவதில்லை. பையர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவர் உள்ளே தன் ஆட்களை விரட்டுவதற்கு அவருக்கும் இப்படி ஒரு வரி தேவை.

அனுப்பும் முன் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். கேள்வி மூன்று வரி, உங்கள் பதில் நான்கு வார்த்தை என்று எங்காவது இருந்தால் அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

கேள்விக்குறி இல்லாத கேள்விகளை விடுவது

சிலர் Ctrl+F அடித்துக் கேள்விக்குறியை எண்ணிப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் பையரின் மெயிலில் "கார்ட்டன் 5 ப்ளை என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி சாதாரணமாகக் கிடக்கும். அதற்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். நீங்கள் மூன்று அடுக்கு மட்டும் உள்ள 3 ப்ளைக்கு விலை போட்டிருந்தால் வித்தியாசம் உங்கள் கையைக் கடிக்கும். "உறுதிப்படுத்தவும்", "என்று நம்புகிறோம்" என்று முடியும் வரிகளும் அப்படியே. ஆடையின் அளவும் தையல் விவரமும் உள்ள டெக் பேக்கின் ஓரத்தில் அவர்களின் டெக்னீஷியன் எழுதிய குறிப்புகளும் கேள்விகள்தான், மெயிலில் நம்பர் இல்லை என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இவற்றுக்குப் பட்டியலின் கடைசியில் 15, 16 என்று நீங்களே நம்பர் கொடுத்து, பையரின் வரியை மேலே வைத்துப் பதில் எழுதுங்கள்.

தெரியாத பதிலுக்காக மொத்த மெயிலையும் நிறுத்திவைப்பது

கலர் சரிபார்க்கச் சாயமிட்ட மாதிரித் துணியான லேப் டிப் எப்போது கிடைக்கும் என்று டையிங்காரர் சொல்லவில்லை, அதனால் மெயில் இரண்டு நாளாக டிராஃப்டில் கிடக்கிறது. இன்னொரு ரகம், தெரிந்த ஒன்பதுக்கு மட்டும் இன்று பதில் போட்டு மீதியை அடுத்த வாரம் வேறொரு மெயிலில் அனுப்புவது. இரண்டும் வேண்டாம். பதில் இல்லாத நம்பரையும் அதன் இடத்திலேயே வைத்து, யாரிடம் கேட்டிருக்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். பதில் வந்ததும் அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு அந்த நம்பரை மட்டும் நிரப்புங்கள்.

"மூன்றாவதில் சொன்னபடி" என்று எழுதுவது

பையர் ஆபீஸில் உங்கள் மெயிலை ஒருவரே முழுதாகப் படிப்பதில்லை. ஷ்ரிங்கேஜ் பற்றிய பதிலைக் குவாலிட்டி ஆளுக்கும் கார்ட்டன் அளவை லாஜிஸ்டிக்ஸ் ஆளுக்கும் வெட்டி அனுப்புவார்கள். மூன்றாவது பதில் அவர்கள் கையில் இருக்காது. ஒரே பதிலாக இருந்தாலும் இரண்டு இடத்திலும் முழுதாக எழுதுங்கள், கேள்வியும் மேலே இருக்கட்டும்.

ஆட்டோ நம்பரிங்கை நம்புவது

நடுவில் ஒரு பத்தி நுழைந்தால் மறுபடி 1-இல் இருந்து தொடங்கிவிடும். கையால் டைப் செய்யுங்கள்.

பதிலைச் சிவப்பு எழுத்தில் மட்டும் வேறுபடுத்துவது

பிளெயின் டெக்ஸ்ட்டாக மாறினால் கலர் போய்விடும், கேள்வி எது பதில் எது என்று தெரியாது. பதிலுக்கு முன்னால் கம்பெனிப் பெயரின் முதல் எழுத்துகளைப் போடுங்கள்.

தேதியை 05/06 என்று எழுதுவது

மே ஆறா, ஜூன் ஐந்தா? மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

திருத்தத்தைத் தனி மெயிலில் அனுப்புவது

விலையோ தேதியோ பின்னால் மாறினால் அதே மெயில் தொடரில், அதே நம்பரில், பழைய பதில் என்ன, புதியது என்ன என்று இரண்டையும் காட்டி அனுப்புங்கள். புதிய சப்ஜெக்ட் போட்டுத் தனியாக அனுப்பினால், பர்ச்சேஸ் ஆர்டர் அடிக்கும் ஆள் பழைய மெயிலைப் பார்த்துத்தான் அடிப்பார்.