வெட்டி முடிக்கும் முன்பே சப்டைட்டில் போடாதீர்கள்

கிளிப்பின் ஓரத்தை இழுத்துச் சுருக்குவது, தலைகீழாக எடுத்ததைத் திருப்புவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போனில் எடிட் செய்யத் தொடங்குபவர்களின் நேரத்தை அதிகம் விழுங்குவது வரிசைப் பிசகு.

பாட்டும் சப்டைட்டிலும் முதலில்

நான்கு நிமிடப் பேச்சு வீடியோ ஒன்று. அரைகுறையாக வெட்டியதுமே இசை சேர்த்து, தாளத்துக்கேற்பக் காட்சிகளை மாற்றி, சப்டைட்டிலும் ஏற்றியாயிற்று. அப்புறம்தான் 1:10-ல் மூன்று விநாடித் தடுமாற்றம் கண்ணில் படுகிறது. அதை வெட்டியதும் மெயின் டிராக்கில் பின்னால் உள்ள கிளிப்புகள் எல்லாம் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். தனி டிராக்கில் இருக்கும் இசை அசையாது. 1:30-ல் தாளத்தோடு சேர்ந்து மாறிய காட்சி இப்போது 1:27-லேயே மாறிவிடும். சப்டைட்டில் கிளிப்போடு நகருமா என்பது ஆப்பையும் அதன் செட்டிங்கையும் பொறுத்தது. நகராவிட்டால் அதன்பின் ஒவ்வொரு வரியும் பேச்சுக்கு மூன்று விநாடி பிந்தி வரும்.

இதைக் கவனிக்காமல் போவதற்குக் காரணம், வெட்டிய இடத்தை மட்டும் ஓட்டிப் பார்ப்பதுதான். கடைசி இருபது விநாடியை ஓட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியாக விரலால் நகர்த்திச் சரிசெய்ய உட்காருவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அன்டூ கொடுங்கள். அது முடியாத அளவுக்குப் போய்விட்டால், வெட்டிய இடத்துக்குப் பின்னுள்ள வரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் நகர்த்துங்கள்.

வேகத்தை மாற்றினாலும் இதே கதைதான். 20 விநாடி கிளிப்பை 1.25 மடங்கு வேகமாக்கினால் 16 விநாடியாகிவிடும். இரண்டு கிளிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் டிரான்சிஷனும் நீளத்தைத் தின்னும். அப்படி அரை விநாடி டிரான்சிஷன் பன்னிரண்டு போட்டால் ஆறு விநாடி காணாமல் போகும்.

அதனால் முதலில் வெட்டு, பிறகு வேகம், அதன்பின் டிரான்சிஷன். இத்தோடு நீளம் இனி மாறாது என்று முடிவுசெய்து, புராஜெக்ட்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அதற்கு மேல்தான் இசை. தாளத்துக்காக ஓரிரு வெட்டுகளைத் தள்ள வேண்டியிருந்தால் அந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். சப்டைட்டில் எப்போதும் கடைசி.

கேலரியைச் சுத்தம் செய்வது

எக்ஸ்போர்ட் முடியும்வரை மூலக் கிளிப்பை அழிக்காதீர்கள். பல ஆப்கள் அதன் நகலை வைத்துக்கொள்வதில்லை.

விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்து 24-ல் எக்ஸ்போர்ட்

சினிமா மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்வது. ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று தூக்கி எறியப்படும். ஆள் உட்கார்ந்து பேசும்போது தெரியாது, கேமரா பக்கவாட்டில் நகரும்போது வெட்டி வெட்டி இழுக்கும். 30-ல் எடுத்ததை 30-லேயே விடுங்கள். 60 ஆக்கினாலும் பெரும்பாலும் அதே ஃபிரேம்தான் இரண்டு முறை வரும்.

இடம் பார்க்காமல் எக்ஸ்போர்ட்

20 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் பத்து நிமிட வீடியோ சுமார் 1.5 ஜிபி. அதைப்போல் இரண்டு மடங்கு காலி இடம் இருந்தால் நல்லது. முடியும்வரை வேறு ஆப்புக்குத் தாவாதீர்கள்.